சாக்கா, வரம்பா? பணம் கேட்கும் உறவினருக்குச் சொல்லும் பதில்

சொல்ல எளிது: "இந்த மாதம் கையில் இல்லை" என்ற சாக்கு உடனே வாயில் வந்துவிடும், "இதற்குமேல் தருவதில்லை" என்ற வரம்பைச் சொல்லவோ முதல்முறை நா எழாது.

நீடிப்பது: மூன்றாம் முறை கேட்கும் தம்பியின் காதில் அந்தச் சாக்கு வாக்குறுதியாகவே விழுவதால், ஒன்றாம் தேதி காலையிலேயே மறுபடி அழைப்பான். "உன் நெருக்கடி புரிகிறதடா, முன்பு வாங்கியது திரும்பும்வரை புதிதாகத் தருவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்" என்றால், பேரம் பேச இடமிராது. கூடவே காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் வைத்திருப்பான்.

உறவு: சாக்கு வெளிப்பட்டால் நம்பிக்கை போய்விடும், வரம்பினால் வரும் வருத்தம், என் அனுபவத்தில், சில வாரங்களில் ஆறிவிடுகிறது.

என்றோ ஒருமுறை கேட்பவரிடம், அது உண்மையாயின், "இப்போது இல்லை" போதும். தொடர்ந்து கேட்பவருக்கு வரம்பே பொருந்தும். திரும்பாவிட்டாலும் வீட்டுச் செலவு தடைபடாத தொகையையே அதன் உச்சமாக வைக்க வேண்டும்.