டைட்டில் பிளாக்கை வெட்டிவிட்டு ட்ராயிங் வந்தால் மெஷினில் ஏற்றாதீர்கள்

ஜாப் ஒர்க் எடுக்கும் சிறு பட்டறைகள் இதைப் படியுங்கள். வெளிநாட்டு ஆர்டரை இடைத்தரகர் மூலம் வாங்குகிறவர்கள் கட்டாயம் படியுங்கள்.

ஒரு மில்லிங் பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ட்ராயிங் வந்தது. வேலை 200 பிராக்கெட். வாங்குபவர் அமெரிக்க நிறுவனம், நடுவில் ஒரு தரகர். தன் வாடிக்கையாளரின் பெயர் பட்டறைக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று, தாளின் கீழ் வலது மூலையில் இருந்த டைட்டில் பிளாக்கை அவர் வெட்டி எடுத்துவிட்டார். பெயரோடு, தோற்றங்களைத் தாளில் எந்த முறையில் அடுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லும் புரொஜெக்‌ஷன் குறியும் போய்விட்டது. பட்டறை தனக்குப் பழகிய முறையில் படித்து 200 பீஸையும் முடித்தது. அத்தனையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி எதிர்க்கை பீஸ். தரகர் கூலியும் தரவில்லை, மெட்டீரியல் பணத்தையும் பழைய பில்லில் கழித்துக்கொண்டார். “சந்தேகம் இருந்தால் கேட்டிருக்க வேண்டியதுதானே” என்பதுதான் அவர் பதில். சந்தேகம் வருவதற்கான இடத்தையே வெட்டி எறிந்தவர் அவர்.

தவறு எங்கே நடந்தது என்று பார்ப்போம். பிராக்கெட் மிக எளிமையானது, L வடிவம். கிடையான அடித்தகடு 80 நீளம், 50 அகலம், 6 கனம். இடது முனையில் 60 உயரத்துக்கு ஒரு நிமிர்ந்த தகடு. உள் மூலை ரேடியஸ் இல்லாத சதுர மூலை. அடித்தகட்டில் ஊடுருவிப் போகும் 9 மி.மீ. துளை ஒன்று. தாளில் இரண்டே தோற்றங்கள்: L தெரிகிற முன்தோற்றம், அதற்கு மேலே இன்னொன்று. மேலே உள்ள படத்தில், முன்தோற்றத்தை ஒட்டியிருக்கும் விளிம்பிலிருந்து துளைக்கு 15 என்று அளவு.

அமெரிக்காவில் தேர்ட் ஆங்கிள் என்ற முறைதான் வழக்கம். ஜப்பானிலும் அப்படியே. பொருளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்துத் தெரிவதை மேல் கண்ணாடியிலேயே வரைகிறோம். பெட்டியை விரித்தால் அந்தக் கண்ணாடி முன்தோற்றத்துக்கு மேலே போய் நிற்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தோமோ அந்தப் பக்கத்திலேயே படம்.

நம் பாலிடெக்னிக்கிலும் ஐ.டி.ஐ.யிலும் கற்றுத்தருவது ஃபர்ஸ்ட் ஆங்கிள். இந்தியத் தர நிறுவனத்தின் SP 46 சொல்வதும் அதுதான், ஐரோப்பாவிலும் அதுவே பெருவழக்கு. இதில் பொருளுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் படம் கீழே தரையில் விழும். தரையை விரித்தால் மேல்தோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். இடமிருந்து பார்த்த படம் வலது சுவரில் விழும். அப்படியானால் முன்தோற்றத்துக்கு மேலே ஒரு படம் இருந்தால், அது கீழிருந்து பார்த்த அடித்தோற்றம்.

இடம் மாறுவதோடு இது நிற்பதில்லை. தேர்ட் ஆங்கிளில், முன்தோற்றத்தை ஒட்டியிருக்கும் விளிம்பு பொருளின் முன்முகம். ஃபர்ஸ்ட் ஆங்கிளில் அதே விளிம்பு பின்முகம். எனவே வாங்குபவர் கேட்டது முன்முகத்திலிருந்து 15-இல் துளை. பட்டறை போட்டது பின்முகத்திலிருந்து 15, அதாவது முன்முகத்திலிருந்து 35. இடவலமும் உயரமும் சரி, முன்பின் மட்டும் தலைகீழ். தட்டையான பிளேட்டாக இருந்தால் புரட்டிப் போட்டுச் சமாளித்துவிடலாம். ஷாஃப்ட், வட்ட ஃபிளாஞ்ச் போன்ற சமச்சீர் வேலைகளில் எப்படிப் படித்தாலும் ஒரே பீஸ்தான் வரும். நிமிர்ந்த தகடு இருக்கும் இந்த பிராக்கெட்டை எப்படித் திருப்பினாலும் சேராது, வலது செருப்பை இடது காலில் போட்ட கதைதான்.

இதில் மிகவும் வருத்தமான விஷயம், முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷனில் இது அகப்படாது. இன்ஸ்பெக்டரும் அதே தாளை அதே முறையில்தான் படிப்பார். வெர்னியரில் 15 என்பது 15 என்றே காட்டும், ரிப்போர்ட்டில் எல்லா அளவுக்கும் ஓகே விழும். வாங்குபவரின் இடத்தில் போல்ட் போடும்போதுதான் தெரியவரும்.

குறி இல்லாத தாளிலும் உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: முழுக்கோடா, விட்டுவிட்டு வரைந்த கோடா என்று பாருங்கள். இந்தத் தாளின் மேல் படத்தில் நிமிர்ந்த தகட்டின் உள்முகம் முழுக்கோடாக இருந்தது. கீழிருந்து பார்த்தால் அடித்தகட்டின் அடிப்பரப்பு சமதளம், அந்த உள்முகம் தெரியவே தெரியாது, விட்டுவிட்டு வரைந்த கோடாகத்தான் காட்ட முடியும். முழுக்கோடு என்றால் அது மேலிருந்து பார்த்த படம். மேலிருந்து பார்த்த படம் மேலேயே இருக்கிறது என்றால் தாள் தேர்ட் ஆங்கிள். அந்த ஒரு கோட்டைக் கவனித்திருந்தால் 200 பீஸும் தப்பியிருக்கும். ஆனால் இதையே நம்பியிருக்கவும் முடியாது. உள் மூலையில் ரேடியஸ் வந்தால் பலர் அந்தக் கோட்டையே போடுவதில்லை. அந்தக் கோடும் இல்லாமல், எல்லாத் துளைகளும் ஊடுருவும் துளைகளாக இருந்தால் படம் இரண்டு முறையிலும் பொருந்திவிடும்.

குறி என்பது தலை வெட்டிய கூம்பின் இரண்டு தோற்றங்கள்: ஒரு சரிவகம், பக்கத்தில் ஒரே மையத்தில் இரண்டு வட்டங்கள். வட்டங்கள் இடதா வலதா என்று மனப்பாடம் செய்யாதீர்கள், சிலர் குறியைத் திருப்பிப் போடுவார்கள், அதுவும் சரிதான். சரிவகத்தின் எந்த முனை வட்டங்களை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். சிறிய முனை ஒட்டியிருந்தால் தேர்ட் ஆங்கிள், பெரிய முனை ஒட்டியிருந்தால் ஃபர்ஸ்ட் ஆங்கிள்.

வெட்டி அனுப்புவதைவிட ஆபத்தானது, தரகர் தன் டெம்ப்ளேட்டில் ஒட்டி அனுப்புவது. படம் தேர்ட் ஆங்கிள், அவருடைய டைட்டில் பிளாக்கில் ஃபர்ஸ்ட் ஆங்கிள் குறி. குறி இல்லாத தாள் கேள்வி கேட்க வைக்கும், பொய்க் குறி அதையும் அடக்கிவிடும். பெரும்பாலான டெம்ப்ளேட்டுகளில் இந்தக் குறி வெறும் வரைந்த படம், செட்டிங்கை மாற்றினாலும் தானாக மாறாது. ஆட்டோகேடில் `VIEWSTD` கொடுத்து புரொஜெக்‌ஷன் வகையை மாற்றினால், அது இனிமேல் மாடலிலிருந்து எடுக்கும் தோற்றங்களுக்குத்தான். கையால் வரைந்த கோடுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எனவே கொட்டேஷன் கொடுக்கும் முன்பே முழுத் தாளையும் கேளுங்கள். வாடிக்கையாளர் பெயரை மறைக்க வேண்டுமென்றால் பெயரின் மேல் மட்டும் வெள்ளை அடித்து அனுப்பட்டும், அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. குறி, யூனிட், ரிவிஷன் எண் மூன்றும் தெரிய வேண்டும். முடிந்தால் STEP ஃபைலோ ஐசோமெட்ரிக் படமோ வாங்கி, சமச்சீர் இல்லாத ஒரு துளையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. எதுவும் தர மறுத்தால், ஒரு பீஸ் மட்டும் போட்டு, நிமிர்ந்த தகடு இடது பக்கம் இருக்கும்படி வைத்துப் படமெடுத்து, “துளை முன்முகத்திலிருந்து 15, சரியா?” என்று எழுதி அனுப்புங்கள். பதில் எழுத்தில் வரும்வரை இரண்டாவது பீஸை ஏற்றாதீர்கள். கொட்டேஷனிலும் “இந்த ட்ராயிங் தேர்ட் ஆங்கிளாக எடுத்துக்கொள்ளப்பட்டது” என்று ஒரு வரி சேருங்கள். வந்த ஃபைலைப் பெயர் மாற்றாமல், வெட்டாமல், வந்தபடியே பத்திரப்படுத்துங்கள். அந்தப் பட்டறை வாட்ஸ்அப் படத்தை அழித்துவிட்டு பிரிண்டை மட்டும் வைத்திருந்தது. டைட்டில் பிளாக் இல்லாமல்தான் தாள் வந்தது என்று காட்ட அவர்கள் கையில் எதுவும் இல்லை.