மூன்று மாதத்துக்கு ஒருமுறை ₹1,500: வீட்டு சர்வரில் நான் ஏமாந்த கதை

வீட்டில் பழைய மினி பிசி ஒன்றை சர்வராக வைத்திருக்கிறேன். உபுண்டு, அதன் மேல் ஒவ்வொரு சேவையையும் தனித்தனிப் பெட்டியாக ஓட்டும் டாக்கர். குடும்பப் படங்களுக்கு இம்மிச், சினிமாவுக்கு ஜெல்லிஃபின், மோட்டாரையும் விளக்குகளையும் இயக்க ஹோம் அசிஸ்டன்ட். வீட்டுக்குள் எல்லாம் நன்றாகவே ஓடியது. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவும் படங்களைப் பார்க்க வேண்டும், ஏற்ற வேண்டும் என்ற ஆசையில்தான் வெளியே திறந்து விடலாம் என்று இறங்கினேன். இன்டர்நெட் நிறுவனத்திடம் மாதக் கட்டணம் கட்டி மாறாத இணைய முகவரியான ஸ்டாட்டிக் ஐபியும் வாங்கியாயிற்று. வெளியிலிருந்து வருபவர்களை உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸி, இணைப்பைப் பூட்டும் சர்ட்டிபிகேட் என்றதும் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று நெட்வொர்க் வேலை செய்யும் ஒருவரை மதுரையில் வீட்டுக்கே கூப்பிட்டேன். பேர் வேண்டாம். ₹9,000 பேசினோம்.

அரை நாளில் முடித்துவிட்டார். `https://` என்று அடித்தால் பூட்டுப் படத்தோடு பக்கம் திறந்தது. "இனி உலகத்துல எங்கிருந்து வேணா பாக்கலாம்ணே" என்றார். நானும் மகிழ்ச்சியாகக் காபி கொடுத்து அனுப்பினேன்.

தொண்ணூறாவது நாள் அக்கா கூப்பிட்டார். போனில் `NET::ERR_CERT_DATE_INVALID` என்று சிவப்பாக வருகிறதாம். நெட்வொர்க் வேலை செய்தவரிடம் சொன்னதும், "சர்ட்டிபிகேட் முடிஞ்சிருச்சுண்ணே, ரெனியூவல் சார்ஜ் ₹1,500" என்றார். அனுப்பினேன். பத்து நிமிடத்தில் சரியானது. அவர் வீட்டுக்கு வரவே இல்லை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து அதே கதை, அதே ₹1,500. மூன்றாவது முறை பணம் அனுப்புவதற்கு முன்னால்தான், பிரவுசரில் பூட்டைத் தொட்டு யார் கொடுத்த சர்ட்டிபிகேட் என்று பார்த்தேன். லெட்ஸ் என்க்ரிப்ட். அது லாப நோக்கமில்லாத அமைப்பு, சர்ட்டிபிகேட்டுக்கு ஒரு பைசா வாங்குவதில்லை. எனக்குக் கிடைத்த சர்ட்டிபிகேட்டின் ஆயுள் 90 நாள். கையால் புதுப்பிக்காமல் சர்வரே தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவ்வளவு குறைவாக வைத்திருப்பதற்கு ஒரு காரணம்.

அப்படியானால் என் சர்வர் ஏன் தானாகச் செய்யவில்லை? இன்னொரு அக்காவின் மகன் பெங்களூரில் இதே துறையில் இருக்கிறான். விடுமுறைக்கு வந்தவனை உட்கார வைத்தேன். அவன் அடித்த முதல் கட்டளை இது:

```
sudo certbot renew --dry-run
```

சர்ட்பாட் என்பது சர்ட்டிபிகேட்டை வாங்கித் தரும் நிரல். இந்தக் கட்டளை எதையும் மாற்றாது, புதுப்பித்தல் வேலை செய்யுமா என்று ஒத்திகை மட்டும் பார்க்கும். தோற்றது. `/etc/letsencrypt/renewal/` என்ற அடைவுக்குள் இருக்கும் கோப்பைத் திறந்தால் காரணம் ஒரே வரியில் இருந்தது: `authenticator = manual`.

"மாமா, இது ஆள் உட்கார்ந்து கையால செய்யற முறை" என்றான். டொமைன் நம்முடையதுதான் என்று நிரூபிக்க இரண்டு வழி பரவலாக உண்டு. சர்வரின் எண்ணிட்ட வாசல்களான போர்ட்களில் 80 வழியாக லெட்ஸ் என்க்ரிப்ட் நம் சர்வரைத் தட்டிப் பார்ப்பது ஒன்று. டொமைன் எந்த ஐபிக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில் அவர்கள் தரும் ஒரு சொல்லை `_acme-challenge` என்ற பெயரில் எழுதிக் காட்டுவது இன்னொன்று. இந்த மனிதர் இரண்டாவதை எடுத்து, ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லைக் கையால் ஒட்டியிருக்கிறார். சொல் ஒவ்வொரு முறையும் மாறும், அதனால் கையால் ஒட்டும் வரை இது தானாக ஓடாது. டிஎன்எஸ் கணக்கோ அவர் கையில். ஆக, என் வீட்டுக் கதவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரே வந்து சாவி போட வேண்டிய ஏற்பாடு. அறியாமையா, தொழில் தந்திரமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் ₹1,500 மட்டும் தவறாமல் கேட்டார். காலாவதிக்கு முன் லெட்ஸ் என்க்ரிப்ட் அனுப்பிவந்த நினைவூட்டல் மின்னஞ்சலையும் 2025 ஜூனோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பும் எனக்கு வந்திருக்காது; அவர் கொடுத்திருந்தது தன் முகவரியை.

இதுவரை போனது பணம்தான், பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து நடந்ததுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

மருமகன் தன் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் என் வீட்டு ஐபியை `http://` போட்டு, பின்னால் `:2283` சேர்த்து அடித்தான். இம்மிச் நுழைவுப் பக்கம் வந்தது. பூட்டு இல்லை, டொமைன் இல்லை, நேரே உள்ளே. `:8096` அடித்தான், ஜெல்லிஃபின். `:8123`, ஹோம் அசிஸ்டன்ட். எனக்கு வியர்த்துவிட்டது. வெளியிலிருந்து வருவதை உள்ளே சர்வருக்கு அனுப்பும், ரவுட்டரின் போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைத் திறந்தால் 80, 443 ஆகியவற்றோடு இந்த மூன்றும், கூடவே 22-ம் வரிசையாக நிற்கின்றன. 22 என்பது எஸ்எஸ்எச், அதாவது சர்வருக்குள் கட்டளை அடிக்க நுழையும் வாசல். வீட்டுக்கு வராமலே அவர் ரெனியூவல் செய்த ரகசியம் அதுதான்.

ரிவர்ஸ் பிராக்ஸியின் வேலையே ஒற்றை வாசல் வைப்பது. வெளியிலிருந்து எல்லோரும் `https`-க்கான 443 வழியாக வருவார்கள். பிராக்ஸி பெயரைப் பார்த்து, படமா சினிமாவா என்று பிரித்து, உள்ளே இருக்கும் சரியான சேவைக்கு அனுப்பும். என் வீட்டில் வாசலில் காவலாளி நின்றார், பக்கத்தில் நான்கு கதவுகள் திறந்து கிடந்தன.

ஏன் திறந்து வைத்தார் என்பதும் ஒரு வாட்ஸ்அப் செய்தியைத் தேடி எடுத்தபோது புரிந்தது. ஆரம்பத்திலேயே அக்கா ஒரு புகார் சொன்னார்: சின்னப் படங்கள் ஏறுகின்றன, வீடியோ ஏற மாட்டேன் என்கிறது, 413 என்று பிழை வருகிறது. "நெட் ஸ்பீடு பிரச்சனைண்ணே" என்றார் அவர். உண்மையில் அது என்ஜின்எக்ஸ் என்ற அந்த பிராக்ஸியின் இயல்பான வரம்பு. மாற்றாமல் விட்டால் ஒரே தடவையில் 1 எம்பிக்கு மேல் ஏற்ற விடாது. `client_max_body_size` என்ற ஒரு வரியைக் கூட்டியிருந்தால் போதும். அவர் அதைச் செய்யாமல் 2283-ஐ ரவுட்டரில் திறந்துவிட்டு, ஏற்றுவதற்கு என்று ஐபியோடு கூடிய `http://` முகவரியை அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். ஏற்றும்போதெல்லாம் அக்காவின் போன் பல மாதங்களாகக் கடவுச்சொல்லையும் குடும்பப் படங்களையும் குறியாக்கம் எதுவும் இல்லாமல்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. ₹9,000 கொடுத்து நான் வாங்கியது எதுவோ, அந்த வழியில் அது அக்காவுக்குக் கிடைக்கவே இல்லை.

"ஃபயர்வால் போட்டிருக்கேன்" என்று அவர் சொன்னதும் பொய்யில்லை. உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் `sudo ufw status` அடித்தால் 22, 80, 443 மட்டும் அனுமதி என்று அழகாகக் காட்டியது. ஆனால் டாக்கர் ஒரு போர்ட்டை வெளியே விடும்போது லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால் விதிகளான ஐபிடேபிள்ஸில் தானே விதி எழுதிக்கொள்கிறது, அந்தப் போக்குவரத்து யுஎஃப்டபிள்யூவின் விதிகளைத் தொடாமலே போய்விடும். டாக்கர் வைத்திருக்கும் நிறையப் பேர் இதில் விழுகிறார்கள். யுஎஃப்டபிள்யூ பட்டியலைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மொபைல் டேட்டாவில் ஒவ்வொரு போர்ட்டாக அடித்துப் பாருங்கள்.

அன்றைக்கே செய்தது: ரவுட்டரில் 80, 443 தவிர எல்லாவற்றையும் அழித்தோம். `~/.ssh/authorized_keys` கோப்பில் அவருடைய எஸ்எஸ்எச் சாவி இருந்தது, எடுத்தோம். மூன்று சேவைகளிலும் கடவுச்சொற்களை மாற்றி, பழைய சாதனங்கள் எல்லாவற்றையும் வெளியேற்றினோம். டாக்கர் கோப்பில் இம்மிச்சின் போர்ட் வரியை இப்படி மாற்றினான்:

```
ports:
  - "127.0.0.1:2283:2283"
```

முன்னால் 127.0.0.1 இருந்தால் அந்தக் கணினிக்குள் ஓடும் பிராக்ஸி போன்ற நிரல்கள் மட்டுமே தொட முடியும். ஜெல்லிஃபினுக்கும் இதையே செய்தபோது ஹாலில் இருந்த டிவி நின்றுபோனது, அது நேராக 8096-ஐத் தேடுகிற டிவி. டொமைன் பெயரைக் கொடுத்துப் பார்த்தோம். வீட்டுக்குள்ளிருந்தே வீட்டின் வெளி ஐபிக்குப் போய்த் திரும்பும் வேலை எங்கள் ரவுட்டருக்கு வரவில்லை. சரி என்று ஜெல்லிஃபினை மட்டும் 192.168.1.10 என்ற உள் முகவரியில் விட்டோம். ரவுட்டரில் வழி மூடியிருப்பதால் 8096 வெளியே தெரியாது.

அடுத்து டொமைன். என் பணத்தில் வாங்கியது, அவர் கணக்கில் பதிவாகியிருக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். முதலில் "பாக்கலாம்ணே", அப்புறம் ₹3,000, அப்புறம் பதிலே இல்லை. டிஎன்எஸ் யார் கையிலோ, அவர் அந்தப் பெயரை வேறு சர்வருக்குத் திருப்பலாம், அதற்கு முறையான சர்ட்டிபிகேட்டும் வாங்கலாம். இம்மிச் போலவே ஒரு போலிப் பக்கம் வைத்தால் பூட்டும் சரியாகவே காட்டும். அவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்ய முடிகிற நிலையில் ஒரு பெயரைக் குடும்பத்துக்குக் கொடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் பெயரில், என் மின்னஞ்சலில் புது டொமைன் வாங்கினேன்.

என்ஜின்எக்ஸை நிறுத்திவிட்டு கேடி என்ற பிராக்ஸியைப் போட்டான். பழையதைத் திருத்தியே ஓட்டியிருக்கலாம், நான் தனியாகப் பராமரிக்க இது எளிது என்றான். முழு அமைப்பும் இவ்வளவுதான், பெயர் மட்டும் மாற்றியிருக்கிறேன்:

```
photos.example.in {
    reverse_proxy 127.0.0.1:2283
}
films.example.in {
    reverse_proxy 192.168.1.10:8096
}
```

சர்ட்டிபிகேட் வாங்குவது, `http`-ல் வருபவரை `https`-க்குத் திருப்புவது, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே புதுப்பிப்பது எல்லாம் அதுவே செய்கிறது. இரண்டு பெயர்களும் டிஎன்எஸ்ஸில் நம் ஐபியைக் காட்ட வேண்டும், 80-ம் 443-ம் சர்வரை எட்ட வேண்டும். ஸ்டாட்டிக் ஐபி இல்லாமல் பல வீடுகள் ஒரே ஐபியைப் பகிரும் இணைப்பாக இருந்தால் இது நடக்காது. ஒரு குறையும் உண்டு. பழைய சர்ட்டிபிகேட் `*.` போட்டு எல்லாத் துணைப் பெயர்களுக்கும் பொதுவாக வாங்கிய ஒன்று, அதில் சேவைகளின் பெயர்கள் தெரியாது. இப்போது ஒவ்வொரு பெயரும் சர்ட்டிபிகேட்டுகளின் பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது, `crt.sh` போய் யாரும் பார்க்கலாம். பெயர் தெரிந்ததும் தட்டிப் பார்ப்பவர்கள் வருவார்கள். அதனால் ஹோம் அசிஸ்டன்டைக் கேடிக்குப் பின்னால் வைக்கவே இல்லை. அதைப் பயன்படுத்துவது நானும் மனைவியும் மட்டுமே, இரண்டு போனிலும் வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டு அதன் வழியாகப் போகிறோம்.

அடுத்த 90 நாள் முடிந்தது. போன் வரவில்லை, நானும் கவனிக்கவில்லை. தேதியைப் பார்த்தபோது சர்ட்டிபிகேட் ஏற்கெனவே புதிதாகியிருந்தது. பழைய டொமைன் இன்னும் அவரிடம்தான். அது சேமித்து வைக்கப்பட்ட இடங்களைத் தேடித் தேடி அழித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அக்காவின் டேப்லெட்டில் ஒன்று கிடைத்தது, கடவுச்சொல்லோடு.