தினம், வாரம், மாதம்: பழைய பேக்கப்பைக் கழிக்க மூன்று வழிகள்

எங்கள் ஊர் ஆடிட்டர் அலுவலகம் ஒன்றின் ஃபைல் சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. மொத்தம் 400 ஜிபி. முக்கால்வாசி ஸ்கேன் செய்த பிடிஎஃப், ஒருமுறை ஏறினால் அப்புறம் யாரும் தொடமாட்டார்கள். மீதியில் தினமும் கைபடும் எக்ஸெல் ஷீட்டுகள்.

2025 ஆகஸ்ட் 20, புதன்கிழமை, அங்கே வேலை பார்க்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, இந்த டிப்ரிஸியேஷன் ஷீட்ல மெஷின் பேரு ஒண்ணு, தொகை இன்னொண்ணோடது. எப்படி ஆச்சுன்னே தெரியல." யாரோ ஒரு நெடுவரிசையை மட்டும் செலக்ட் செய்து வரிசைப்படுத்தி, சேவும் செய்துவிட்டார்கள். ஃபைல் கடைசியாக மாறிய தேதி மார்ச் 15. அதாவது 158 நாளாகத் தப்பான ஷீட்டைத்தான் நாங்கள் பத்திரமாக பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தோம்.

பேக்கப்பில் தினசரிப் பிரதி 7, வாரத்துக்கு ஒன்றாக 4, மாதத்துக்கு ஒன்றாக 12 என்று வைப்பது இப்படித் தாமதமாகத் தெரியும் சேதத்துக்காகத்தான். ஒவ்வொன்றையும் முழுப் பிரதியாக வைத்தால் 23 × 400 = 9,200 ஜிபி; அவ்வளவு கிளவுட் வாடகையை யாரும் கட்டமாட்டார்கள். அதனால் எல்லா வழியிலும் மாறியதை மட்டும்தான் சேமிக்கிறோம். "மாறியது" என்று எதை எடுத்துவைக்கிறது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

முதல் வழி ஆர்க்ளோன், ஃபைல்களைக் கிளவுடுக்கு நகலெடுக்கும் மென்பொருள். பலரும் இதில்தான் தொடங்குவார்கள், நானும் அப்படித்தான்.

```
rclone sync /srv/share cloud:ofc/current \
  --backup-dir cloud:ofc/old/$(date +%F) \
  --max-delete 500
```

`current` எப்போதும் சர்வரின் நகல். இன்று மாறிய, அழிந்த ஃபைல்களின் பழைய வடிவம் இன்றைய தேதியிட்ட ஃபோல்டருக்குப் போய்விடும். பிரவுசரில் திறந்தே பார்க்கலாம், தனி மென்பொருள் வேண்டாம். சர்வரில் டிஸ்க் மவுன்ட் ஆகாமல் ஃபோல்டர் காலியாகத் தெரிந்தால், அந்த `--max-delete` 500 ஃபைலோடு அழிப்பை நிறுத்திவிடும். அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சிக்கல் கழிக்கும்போது வருகிறது. `2025-03-15` என்ற ஃபோல்டரில் இருப்பது மார்ச் 15-ன் நிலை அல்ல; அன்று இடம்பெயர்ந்த ஃபைல்கள், அதாவது மார்ச் 14 வரை இருந்த வடிவம். நம் நல்ல ஷீட் அங்கே மட்டும்தான் இருக்கும். "ஞாயிற்றுக்கிழமை ஃபோல்டரை வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் அழி" என்று ஸ்கிரிப்ட் எழுதினால், சனிக்கிழமையான மார்ச் 15 போய்விடும். ஞாயிறு 16-ல் அந்த ஷீட் இருக்காது, அன்று அது மாறவே இல்லையே. பெயரில் வாராந்தர பேக்கப், உள்ளே ஓட்டை. இந்த ஸ்கிரிப்டைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ரீஸ்டோர் செய்யும் நாள் வரை ஒருவருக்கும் சந்தேகம் வராது.

அழிப்பதற்குப் பதில் சேர்த்துவிடலாம். பிந்திய நாளின் ஃபோல்டரை முந்திய நாளுக்குள் `rclone move` வைத்து `--ignore-existing` கொடுத்து நகர்த்த வேண்டும். இரண்டிலும் இருக்கும் ஃபைலில் பழையது நிற்கும், மிச்சத்தை அழிக்கலாம். வேலை செய்யும். ஆனால் ஒரு தேதிக்குப் பிறகு புதிதாக வந்த ஃபைல் எது என்ற பதிவே இதில் கிடையாது. அன்றைய நிலையை அச்சு அசலாக மீட்க முடியாது.

இரண்டாவது வழி, கிளவுடில் ஃபைல்கள் தங்கும் பக்கெட்டிலேயே வெர்ஷனிங்கைப் போட்டுவிடுவது. அமேசான் எஸ்3-ல் ஃபைல் மாறினால் பழைய வெர்ஷன் தானாகவே தங்கும். லைஃப்சைக்கிள் விதி அதைக் கழிக்கும். `NoncurrentDays` கணக்கு அந்த வெர்ஷன் பழையதான நாளிலிருந்து ஓடுவது எனக்குப் பிடித்த விஷயம். இரண்டு வருடமாகத் தொடாத ஃபைலை நேற்று யாராவது அழித்தாலும் முழு அவகாசம் கிடைக்கும்.

ஆனால் தினம், வாரம், மாதம் என்று சொல்ல அதில் வழி இல்லை. நாள் கணக்கு உண்டு, வெர்ஷன் எண்ணிக்கை உண்டு, அவ்வளவுதான். 30 நாள் வைத்திருந்தால் நம் ஷீட் ஏப்ரல் நடுவிலேயே போயிருக்கும். 365 வைத்தால் தப்பித்திருக்கும், ஆனால் இடையில் வந்த ஒவ்வொரு வெர்ஷனும் முழு ஃபைலாகவே நிற்கும். இந்த அலுவலகத்தில் நாளுக்கு 1.5 ஜிபி மாறுகிறது. வேலைநாள் 300 என்றால் 450 ஜிபி. தாங்கலாம். ஒரே ஒரு 8 ஜிபி அவுட்லுக் பிஎஸ்டி ஃபைல் தினமும் மாறினால் அது மட்டும் 2,400 ஜிபி. அதைத் தாங்க முடியாது.

மூன்றாவது ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள். இப்போது அங்கே ஓடுவது இதுதான். ஃபைலைத் துண்டுகளாக்கி, ஏற்கெனவே இருக்கும் துண்டை மறுபடி ஏற்றாது. பிஎஸ்டி ஃபைலுக்கு இது பெரிய லாபம். எக்ஸெல் உள்ளுக்குள் சுருக்கப்பட்டது என்பதால் அதில் லாபம் குறைவு. ஒவ்வொரு முறை எடுக்கும் பேக்கப்பும் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அன்றைய முழு நிலை. நடுவில் எதை நீக்கினாலும் மற்றதற்குச் சேதமில்லை.

```
restic backup /srv/share
restic forget --keep-daily 7 --keep-weekly 4 \
  --keep-monthly 12 --prune
```

`--prune` இல்லாமல் வெறும் `forget` ஸ்னாப்ஷாட்டை மட்டும் நீக்கும், பிடித்த இடம் குறையாது. முதல்முறை `--dry-run` போட்டுப் பாருங்கள். எதை ஏன் வைத்திருக்கிறது என்று பக்கத்திலேயே எழுதும்.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் படும். இன்றைய ஸ்னாப்ஷாட் மூன்று கணக்கிலும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஆகஸ்ட் 20 அன்று எங்களிடம் இருந்தது: தினசரியில் 14 முதல் 20 வரை, வாரத்தில் 20, 17, 10, 3, மாதத்தில் ஆகஸ்ட் 20, அதற்குமுன் ஜூலை 31, ஜூன் 30 என்று போய் 2024 செப்டம்பர் 30 வரை. ஒன்றின்மேல் ஒன்று விழுந்ததைக் கழித்தால் 23 அல்ல, 20.

ஷீட் கிடைத்தது, 2025 பிப்ரவரி 28 ஸ்னாப்ஷாட்டிலிருந்து. மார்ச் 31-ல் இருந்ததும் தப்பான ஷீட்தான். மார்ச்சில் முதல் இரண்டு வாரம் போட்ட என்ட்ரிகளை அக்கா பில்களைப் பார்த்து மறுபடி போட்டார். ஆர்க்ளோன் ஃபோல்டர்களை ஒன்றையும் கழிக்காமல் விட்டிருந்தால் மார்ச் 14 வடிவமே கிடைத்திருக்கும், அதை மறைப்பானேன். மாதத்துக்கு ஒன்று என்று கழித்தால் நடுவில் பிறந்து நடுவிலேயே செத்த ஃபைலுக்குத் தடயமே இருக்காது.

இருந்தும் என் ஓட்டு ரெஸ்டிக்குக்கே. வாரம் 4-ஐ 10 ஆக்கினேன். மாதம் 12-ஐ 13 ஆக்கினேன். அப்போதுதான் அடுத்த மார்ச் கடைசியில் போன மார்ச் 31 இன்னும் கையில் இருக்கும். பக்கெட்டில் 30 நாள் வெர்ஷனிங்கையும் போட்டுவைத்தேன். சர்வருக்குள் நுழைந்தவன் அங்குள்ள கிளவுட் சாவியை வைத்து ரெஸ்டிக் ஸ்டோரையே அழித்தாலும் திரும்ப எடுக்கலாம், ஆனால் அந்தச் சாவிக்கு பழைய வெர்ஷனை அழிக்கும் உரிமை இருக்கக்கூடாது.

ரெஸ்டிக் பாஸ்வேர்டு தொலைந்தால் அத்தனை ஸ்னாப்ஷாட்டும் குப்பை. அதைத் தாளில் எழுதி, ஆடிட்டர் சாரின் பீரோ லாக்கரில் வைத்திருக்கிறோம்.