நடப்பதா, நிற்பதா: இரண்டு வருடத்துக்கு மேல் பாவித்த ஒரு கணக்கு

போன கிழமை நண்பன் ஒருவன் கேட்டான்: "மச்சான், எத்தனை கிலோமீற்றர் வரைக்கும் நடந்தால் லாபம், எங்கேயிருந்து பஸ்ஸுக்கு நிக்கிறது லாபம் எண்டு ஒரு கணக்கு வச்சிருக்கிறியாமே?" வைத்திருக்கிறேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று வெறுத்து ஸ்கூட்டரை விற்றதிலிருந்து திருகோணமலை நிலாவெளி வீதியில் நானும் என் பையும் இந்தக் கணக்கும்தான்.

கணக்கு சின்னது. பையோடு நான் ஒரு கிலோமீற்றர் நடக்க 13 நிமிடம். அதே கிலோமீற்றரை பஸ், ஆள் ஏற்றி இறக்கி, 4 நிமிடத்தில் கடக்கிறது. ஆக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் பஸ் எனக்கு 9 நிமிடம் மிச்சம் பிடித்துத் தருகிறது. அந்த மிச்சத்தை வாங்க நான் கொடுக்கும் விலை தரிப்பிடத்தில் நிற்கும் நேரம். நிற்கும் நிமிடங்களை 9ஆல் வகுத்தால் வருவதுதான் எல்லைத் தூரம். அதற்குக் குறைவென்றால் நடை வெல்லும், கூட என்றால் பஸ் வெல்லும். உங்கள் நடை வேகமானால் 9 குறையும், எல்லை நீளும். அவ்வளவுதான்.

என் வேலையிடத்திலிருந்து வீட்டு ஒழுங்கை வாசல் 1.2 கி.மீ. பின்னேரம் சராசரியாக 15 நிமிடத்துக்கு ஒரு பஸ். எந்த நேரத்தில் போய் நின்றாலும் சராசரியாக அதில் பாதி, ஏழரை நிமிடம் நிற்க வேண்டும் என்றுதான் எல்லோரும் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். ஏழரையை 9ஆல் வகுத்தால் 830 மீற்றர் சொச்சம். என் தூரம் அதற்கு மேல், ஆகவே பஸ். முதல் சில மாதம் இதை நம்பி நின்றேன், அநேகமாக ஒவ்வொரு நாளும் பிந்தினேன். கணக்குச் சரி, எனக்கு அதிர்ஷ்டம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் வீட்டுக்குப் போகாமல், தரிப்பிடத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் ஒன்றரை மணி நேரம் இருந்து, கொப்பியில் பஸ் வந்த நேரங்களை எழுதினேன். ஆறு இடைவெளிகள்: 3, 27, 4, 31, 5, 20 நிமிடம். கூட்டினால் 90. சராசரி 15தான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த 90 நிமிடத்தில் 78 நிமிடம் மூன்று பெரிய இடைவெளிகளுக்குள் கிடக்கிறது. நான் எந்தக் கணத்தில் வந்து நின்றாலும் அந்த நீளமான வெறுமைக்குள் விழுவதற்குத்தான் சாத்தியம் அதிகம். 3 நிமிட இடைவெளிக்குள் வந்து நிற்பவன் எத்தனை பேரில் ஒருவன்!

இதைச் சரியாகக் கணக்கிட, ஒவ்வொரு இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டி, மொத்த நேரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். என் கொப்பிக்கு 2140ஐ 180ஆல் வகுத்தேன், 11.9 நிமிடம் வந்தது. ஏழரை அல்ல, கிட்டத்தட்டப் பன்னிரண்டு. எல்லைத் தூரம் 1.3 கி.மீ.க்கு மேலே போய்விட்டது. நான் பஸ் என்று முடிவுகட்டிய அதே 1.2 கி.மீ., உண்மையில் நடை. நடந்தால் பதினைந்தரை, நின்றால் பதினாறரைக்கு மேல். ஒரு நிமிட வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் இதே இடத்தில் நான் மூன்று நிமிட லாபம் என்று நம்பி நின்றுகொண்டிருந்தேன்.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இப்படி மூன்று நாலு நிமிடத்தில் ஒன்றன் பின் ஒன்றாக வரும் சோடி பஸ்தான். ஏன் சோடியாக வருகிறது என்பது புரியாத மர்மம் இல்லை. முன்னால் போவது கொஞ்சம் பிந்தினால் அடுத்த தரிப்பிடத்தில் ஆட்கள் கூடிவிடுவார்கள். ஏற்றிப் புறப்பட இன்னும் பிந்தும். பின்னால் வருவதற்கு ஆட்களே மிஞ்சாததால் அது ஓடி வந்து முன்னதன் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். முன்னதில் மிதிபலகை வரை ஆள், பின்னதில் பாதி இருக்கை காலி. இரண்டும் போனால் அரை மணிக்கு வீதி வெறுமை. பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என்பதை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. நிற்கிறவனுக்கு அதனால் பயனும் இல்லை.

அப்புறம் இன்னொரு விசயம், நான் நிறைய நாள் பிழை விட்ட இடம். பத்து நிமிடம் நின்று பொறுமை கெட்டு நடக்கத் தொடங்குவது. என் கொப்பியின்படி, பத்து நிமிடம் பஸ் வராமல் நின்றவன் இன்னும் சராசரியாக எட்டரை நிமிடம் நிற்க வேண்டும். பத்து நிமிடம் கொடுத்தும் மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் குறைந்திருக்கிறது, கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த இடத்தில் நடந்தால் பதினைந்தரை, நின்றால் பதின்மூன்றரை. நிற்பதுதான் சரி. நடப்பதென்றால் முதல் நிமிடத்திலேயே நடக்க வேண்டும்.

நம் வீதிகளில் கை காட்டினால் பஸ் நிற்குமே, நடந்துகொண்டே போய் ஏறலாமே என்பீர்கள். உண்மை. நிற்கும் என்றால் எல்லைத் தூரம் என்ற பேச்சுக்கே இடமில்லை, நடப்பவனுக்கு நட்டம் எதுவும் இல்லை. காலையில் நான் அப்படித்தான் போகிறேன், அதைப் போல நிம்மதி வேறில்லை. பின்னேரம் ஐந்து மணிக்கு நிரம்பி வரும் பஸ், யாராவது இறங்கும் இடத்தில் மட்டும்தான் நிற்கும். தூர இடத்து பஸ் திரும்பியும் பார்க்காது. மதியக் கச்சான் வெக்கைக் காற்றுக்குள் 13 நிமிடம் என்பது 13 நிமிடம் இல்லை. அந்த நேரத்தில் நான் கணக்குப் பார்ப்பதில்லை, நிழலில் நிற்பேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் பாவித்ததில் இந்தக் கணக்கை எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. பாதி இடைவெளி என்ற இடத்தை மட்டும் மாற்றிவிட்டால் அது ஏமாற்றவே இல்லை. ஒன்றரை மணி நேரமும் ஒரு கொப்பியும் போதும். ஒரு நாள் பதிவு கொஞ்சம்தான், அதனால் நான் மாதம் ஒரு முறை திரும்ப எழுதுகிறேன். எண்கள் மாறும், வடிவம் அப்படியேதான்.

நண்பனுக்குத் தூரம் 2 கி.மீ. நடந்தால் 26 நிமிடம், பஸ் என்றால் சராசரியாக 20. கணக்கு அவனுக்குப் பஸ் என்கிறது. நான் நடக்கச் சொன்னேன். அவனுக்கு ஆறு மணிக்கு மகளை ரியூஷன் வாசலில் எடுக்க வேண்டும். அந்த 20 என்ற சராசரிக்குள் 8 நிமிடமும் இருக்கிறது, 39 நிமிடமும் இருக்கிறது. கொப்பியை வைத்துப் பார்த்தால், நாலு நாளில் ஒரு நாள் அவனுக்கு 26க்கு மேல் போகும். அந்தப் பிள்ளை கேற்றடியில் தனியே நிற்கும்.

"அப்ப ஐந்தரைக்கு வெளிக்கிடுறன்," என்றான்.