ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அப்லேஷன் பண்ணி மூணரை வருஷம் ஆச்சு, என் அனுபவம்

மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம், வயசு 61, பிபி, சுகர் ரெண்டும் உண்டு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னா இதயத்தோட மேல் அறை தாறுமாறா துடிக்கறது, எனக்கு வந்தது விட்டுவிட்டு வர்ற டைப். மாசத்துக்கு ரெண்டு தடவை திடீர்னு நெஞ்சுக்குள்ள கோழி அடிச்சுக்கற மாதிரி ஆரம்பிக்கும், துடிப்பு 140க்கு மேல ஓடும், எட்டு பத்து மணி நேரம் கழிச்சு அதுவா நிக்கும். மாத்திரை ரெண்டு வகை மாத்திப் பாத்தும் அடங்கல, அப்பறம்தான் அப்லேஷன்னு முடிவாச்சு.

இந்தக் கோளாறு பெரும்பாலும் நுரையீரல்லேந்து இடது மேல் அறைக்கு வர்ற நாலு ரத்தக்குழாயோட வாய்லேந்துதான் கிளம்புதாம், 1998ல ஃபிரான்ஸ்ல கண்டுபிடிச்சாங்க. தொடைல இருக்கற வெயின் வழியா ஒயரை விட்டு, ரெண்டு மேல் அறைக்கும் நடுவுல இருக்கற சுவர்ல ஓட்டை போட்டு அந்தப் பக்கம் போயி, ஒவ்வொரு வாயையும் சுத்தி சூடு வச்சு தழும்பு ஆக்குறாங்க. உள்ளேந்து வர்ற கரண்ட் வெளில பாயாம வரப்பு கட்டற மாதிரி. மொத நாளே தொண்டை வழியா ட்யூப் விட்டு எக்கோ எடுத்து, ரத்தக்கட்டி இல்லன்னு உறுதி பண்ணிட்டுதான் கைய வச்சாங்க. மூணு மணி நேரம், முழு மயக்கம். முழிச்சப்பறம் ஆறு மணி நேரம் கால மடக்காம மல்லாக்கப் படுக்கணும், அதான் பெரிய கொடுமை. தொடை ஒரு வாரம் கத்திரிக்கா கலர்ல இருந்துச்சு.

ரிஸ்க்க டாக்டர் மறைக்கல. இதயத்த சுத்தி ரத்தம் கசிஞ்சு அமுக்கறது 100ல ஒருத்தருக்கு வரலாம், அப்ப ஊசி போட்டு வடிக்கணும், ஸ்ட்ரோக் அதவிட கம்மி. ஆனா டிஸ்சார்ஜ் அன்னிக்கு அவரு அழுத்திச் சொன்னது வேற ஒண்ணு. இதயத்துக்கு நேர் பின்னாடி உணவுக்குழாய் இருக்கு, சூடு அங்க பட்டா சில வாரம் கழிச்சு ஓட்டை விழலாம், ஆயிரத்துல ஒண்ணுக்கும் கம்மி, ஆனா வந்தா ஆளு பொழைக்கறது கஷ்டம். "ரெண்டு மாசத்துக்குள்ள காய்ச்சல், முழுங்கினா வலி, பேச்சு கொழர்றது எது வந்தாலும் உடனே எனக்கு போன் பண்ணுங்க, வேற எங்கயும் எண்டோஸ்கோபி பண்ண விடாதீங்க, காத்து அடிச்சா அது ஓட்டை வழியா ரத்தத்துல ஏறிடும், நெஞ்சு சிடி ஸ்கேன்தான் எடுக்கணும்"னாரு. வீட்ல அத எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டாங்க. பன்னெண்டாவது நாள் நெஞ்செரிச்சல் வந்து எல்லாரும் ஆடிப்போயிட்டோம். நல்லவேளை, அது வெறும் அசிடிட்டி.

மூணாவது வாரம் பழைய மாதிரியே துடிப்பு எகிறுச்சு. போச்சுடா, எல்லாம் வேஸ்டுன்னு நெனச்சேன். டாக்டர் சிரிச்சாரு, "சூடு வச்ச எடம் இன்னும் வீங்கி இருக்கு, மொத ரெண்டு மூணு மாசம் வர்றத நாங்க தோல்வின்னு எண்ண மாட்டோம்"னாரு. ஷாக் வச்சு சரி பண்ணாங்க, நாலாவது மாசத்துலேந்து சுத்தமா நின்னுச்சு.

பதினாலாவது மாசம், சம்பா அறுப்பு நேரம், களத்துல நிக்கறப்ப திரும்ப வந்துச்சு, ஆறு மணி நேரம். காரணம் அப்பறம்தான் புரிஞ்சுது. சூடு வக்கறப்ப சுத்தி இருக்கற தசை வீங்கிக்கும், அதனால அரைகுறையா வெந்த எடம்கூட அன்னிக்கு அடைபட்ட மாதிரிதான் மிஷின்ல காட்டும், வீக்கம் வடிஞ்சதும் அந்த எடம் மறுபடி கரண்ட் கடத்தும். நம்ம வரப்புல நண்டு வளை இருக்கறது தண்ணி ஏறினப்பதானே தெரியும், அதே கததான். ரெண்டு மாசம் கழிச்சு ரெண்டாவது தடவை உள்ள போயி பாத்தப்ப நாலுல ரெண்டு குழாய் திரும்ப இணைஞ்சிருந்துச்சு, அந்த எடத்த மட்டும் மூடினாங்க.

என்னை மாதிரி டைப்புக்கு ஒரே தடவைல ஒரு வருஷம் கழிச்சு சுமாரா 100ல 70 பேர் நல்லா இருப்பாங்கன்னு சொல்றாங்க. எங்க சித்தப்பாவுக்கு நாலு வருஷமா நிக்காம ஓடுது, இடது மேல் அறையும் பெருசாயிடுச்சு, அவருக்கு பாதிக்கு பாதிதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இதுல ஒரு வேடிக்கை, ஆராய்ச்சில 30 செகண்ட் வந்தாலே தோல்வின்னு எழுதிடுவாங்க. ரெண்டாவது தடவைக்கு அப்பறம் இந்த ரெண்டு வருஷத்துல எனக்கு வந்ததே மூணு தடவை, ஒவ்வொண்ணும் இருபது நிமிஷம். அந்தக் கணக்குல நான் ஃபெயில்! மாசத்துக்கு இருபது மணி நேரம் அனுபவிச்சவன்கிட்ட கேட்டா பாஸ்னுதான் சொல்லுவேன்.

ஒரே மனக்குறை, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய நிறுத்திடலாம்னு நம்பித்தான் படுத்தேன். வயசு, பிபி, சுகர், ஸ்ட்ரோக் வந்திருக்கான்னு பாத்து, இனிமே ஸ்ட்ரோக் வர்ற வாய்ப்புக்கு பாயிண்ட் போடறாங்க, துடிப்பு நின்னாலும் அந்தப் பாயிண்ட் கொறயாதாம், எனக்கு ரெண்டு பாயிண்ட். இத அப்லேஷனுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. அபிக்ஸபான் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.