எச்.ஆர். சுற்றில் தொழில்நுட்ப வேலையை விளக்குதல்: கலைச்சொல்லா, உவமையா, எண்ணா, ஒரு டிக்கெட்டின் கதையா?

பெங்களூரில் மடிவாளாவிலும் பி.டி.எம். லேஅவுட்டிலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மாதிரி நேர்காணல் நடத்துவது எனக்குச் சில ஆண்டுகளாகப் பழக்கமாகிவிட்டது. நிரல் எழுதும் சுற்றில் அசராதவர்கள்கூட, எச்.ஆர். அதிகாரி "கடைசியாக என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டதும் திணறுவார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒரே வேலையை நான்கு வழிகளிலும் சொல்லிப் பார்த்தால்தான் எதில் எது தவறிப்போகிறது என்பது தெரியும் என்பதால், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பியின் வேலையை எடுத்துக்கொள்கிறேன்.

அவர் பேருந்து டிக்கெட் முன்பதிவுச் சேவை ஒன்றில் பணம் செலுத்தும் பகுதியைக் கவனித்துவந்தார். அங்கே ஒரே டிக்கெட்டுக்கு இருமுறை பணம் பிடிக்கப்படுவதாக மாதம் 40 புகார்கள் வந்துகொண்டிருந்தன. அவர்களுடைய சர்வர் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும், பணம் பிடிக்கப்பட்டுவிடும், ஆனால் "பிடித்தாயிற்று" என்ற பதில் வரும் வழியில் தொலைந்துபோகும். வெற்றி, தோல்வி என்ற இரண்டோடு, என்ன நடந்தது என்றே தெரியாத மூன்றாவது நிலை ஒன்று இருக்கிறது என்பதே இந்தச் சிக்கலின் வேர். பதில் வராததைத் தோல்வி என்று எடுத்துக்கொண்ட சர்வர் மீண்டும் கோரிக்கை அனுப்பியது. பணம் இரண்டாம் முறையும் போனது. தம்பி செய்த மாற்றம் இதுதான்: ஒவ்வொரு வாங்கலுக்கும் தொடக்கத்திலேயே ஒரு தனி எண் உருவாக்கப்படும், எத்தனை முறை கோரிக்கை போனாலும் அதே எண்ணே `Idempotency-Key` என்ற தலைப்பில் கூடவே போகும், பணத்தைப் பிடிக்கும் மறுமுனை அந்த எண்ணை ஏற்கெனவே கண்டிருந்தால், மறுபடியும் பிடிக்காமல் முதல் முறை சொன்ன பதிலையே திருப்பிச் சொல்லும்.

எந்த வழி சிறந்தது என்று எதைக் கொண்டு அளப்பது? கேட்பவர் தலையசைத்தாரா என்பதைக் கொண்டு அளக்கக் கூடாது, மரியாதைக்காகவும் தலையசைக்கலாம். எச்.ஆர். அதிகாரி நேர்காணலின்போது மூன்று நான்கு வரிகளில் குறிப்பு எழுதுகிறார்; அடுத்த சுற்றில் உங்களைச் சந்திக்கப்போகும் மேலாளர் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு வரக்கூடும். ஆகவே, அந்த வரிகள் உண்மையாக இருக்கும்படி நீங்கள் பேசினீர்களா என்பதே என்னுடைய அளவுகோல்.

முதல் வழி, கலைச்சொற்களை அப்படியே அடுக்குவது. "ஐடெம்பொட்டென்சி கீ கொண்டுவந்தேன், ரீட்ரை லாஜிக்கைத் திருத்தினேன், போஸ்ட்கிரெஸில் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் வைத்தேன்." இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பணி விவரத்தில் கேட்டிருக்கும் கருவிகளின் பெயர்கள் உங்கள் வாயிலிருந்து வருகின்றனவா என்று சரிபார்ப்பதும் எச்.ஆர். அதிகாரியின் வேலையில் ஒரு பகுதி என்பதால், இவற்றை முற்றிலும் தவிர்ப்பதும் தவறு. ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால், குறிப்பில் "போஸ்ட்கிரெஸ் தெரியும்" என்று மட்டுமே விழும். செய்த வேலை விழாது.

இரண்டாவது வழியான உவமையைத்தான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அதிக ஐயம் இருப்பதும் அதில்தான். தம்பி முதலில் பழகி வந்தது லிஃப்ட் உவமை: "லிஃப்ட் பொத்தானைப் பத்து முறை அழுத்தினாலும் லிஃப்ட் ஒருமுறைதான் வரும், அதுபோல." கேட்க அழகாக இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் எச்.ஆர். சுற்றில் அவர் இதைச் சொன்னபோது அந்த அம்மையார் உடனே கேட்டார்: "அப்படியானால் ஒருவர் தனக்கும் தன் அம்மாவுக்குமாக அடுத்தடுத்து இரண்டு டிக்கெட் எடுத்தால், இரண்டாவதை உங்கள் அமைப்பு தடுத்துவிடுமா?" கேள்வி மிகச் சரியானது. லிஃப்டில் எந்த அழுத்தமும் இன்னோர் அழுத்தத்துக்குச் சமம், பணத்தில் அப்படியில்லை. ஒரே ஆள், ஒரே தொகை, ஒரே நிமிடம் என்றாலும் அவை இரண்டு வாங்கல்களாக இருக்கலாம். இரண்டையும் பிரித்துக் காட்டுவதே அந்தத் தனி எண்ணின் வேலை. உவமை விட்டுவிட்டது வேலையின் உயிர்நாடியை. தம்பி தடுமாறி, "இல்லை, அப்படி ஆனால் பணத்தைத் திருப்பித் தருவோம்" என்று எதையோ சொல்லிவைத்தார். அடுத்த சுற்றில் மேலாளரின் முதல் கேள்வியே "ரீஃபண்ட் அமைப்பை எப்படிக் கட்டினீர்கள்?" என்பதாக இருந்தது. அவர் அப்படி எதையும் கட்டியதில்லை.

உவமையையே முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மளிகைக் கடைக்கு எண் போட்ட சீட்டோடு பையனை அனுப்புவது என்ற உவமை இதைவிட நன்றாகப் பொருந்தும்: பையன் திரும்பவில்லை என்று அதே எண் போட்ட சீட்டோடு இன்னொருவனை அனுப்பினால், கடைக்காரர் பேரேட்டைப் பார்த்து "இதற்குச் சரக்கு கொடுத்தாயிற்று" என்பார். கேட்பவர் வாழ்க்கையில் அந்தப் பொருள் இல்லாதபோது இப்படி ஓர் உவமை வேண்டியிருக்கும். ஒரு கம்பைலரைப் பற்றிப் பேசுபவருக்கு வேறு வழியில்லை. ஆனால் பணம் பிடிக்கப்பட்டு டிக்கெட் வராத அனுபவம் பெங்களூரில் யாருக்குத்தான் இல்லை? கைபேசியில் அன்றாடம் பணம் அனுப்பும் ஒருவரிடம் லிஃப்டைப் பற்றிப் பேசும்போதுதான், அவரைக் குழந்தையாக நடத்தும் தொனி தானாக வந்துவிடுகிறது.

மூன்றாவது வழி, விளைவை எண்ணால் சொல்வது: "இருமுறை பணம் பிடிக்கும் புகார்களை மாதம் 40-லிருந்து 3-ஆகக் குறைத்தேன்." எச்.ஆர். குறிப்பில் சிதையாமல் ஏறுவது இதுதான். சிக்கல் "குறைத்தேன்" என்ற சொல்லில் இருக்கிறது. துருவிக் கேட்டபோது, அதே மாதத்தில் செயலிக் குழுவினர், பணம் செலுத்தும் பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் அது செயலிழக்கும்படி மாற்றியிருந்ததாகத் தம்பியே சொன்னார். குறைந்த 37 புகார்களில் எத்தனை அவருடைய மாற்றத்தால் குறைந்தவை என்று பிரித்துச் சொல்ல அவரிடம் தரவு இல்லை. எனவே "இரண்டு மாற்றங்கள் சேர்ந்து குறைத்தன, சர்வர் பக்கத்து மாற்றம் என்னுடையது" என்பதே உண்மை. சொன்னால் எண்ணின் பளபளப்பு சற்று மங்கும், சொல்லாவிட்டால், "நீங்கள் ஒருவரே செய்தீர்களா?" என்ற அடுத்த கேள்வியில் முழுவதும் மங்கிவிடும். எண் எதைச் செய்தீர்கள் என்பதைச் சொல்வதில்லை என்ற குறையும் உண்டு. ஆகவே அது கடைசியில் வர வேண்டியது.

நான்காவது வழி, ஒரே ஒரு டிக்கெட்டைப் பின்தொடர்வது. அன்று மாலை நாங்கள் உட்கார்ந்து எழுதித் திருத்திய வடிவம் இது:

"ஒருவர் சேலத்துக்கு 900 ரூபாய்க்கு டிக்கெட் எடுக்கிறார். எங்கள் சர்வர் பணம் கேட்கிறது, பணம் பிடிக்கப்படுகிறது, ஆனால் அந்தச் செய்தி எங்களுக்கு வந்துசேரவில்லை. முன்பு நாங்கள் மறுபடியும் கேட்போம். அவருக்கு 1,800 ரூபாய் போய்விடும். இப்போது அவர் வாங்கத் தொடங்கியதுமே அந்த வாங்கலுக்கு ஓர் எண் கொடுக்கிறோம். மறுபடி கேட்டாலும் அதே எண்ணோடு கேட்பதால், இது பழைய கோரிக்கைதான் என்று மறுமுனைக்குத் தெரிகிறது. பணம் இன்னொரு முறை போவதில்லை. அவரே தன் அம்மாவுக்கு இன்னொரு டிக்கெட் எடுத்தால் அது புதிய எண், தடையில்லாமல் நடக்கும். ஆறு பேர் கொண்ட குழுவில் சர்வர் பக்கத்து வடிவமைப்பும் நிரலும் என்னுடையவை. இதற்கு ஐடெம்பொட்டென்சி கீ என்று பெயர், போஸ்ட்கிரெஸில் செய்தேன். செயலிக் குழு செய்த ஒரு மாற்றமும் சேர்ந்து, புகார்கள் மாதம் 40-லிருந்து 3-ஆகக் குறைந்தன."

நிதானமாகச் சொன்னால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மற்ற மூன்று வழிகளிலும் பயனுள்ளது எதுவோ அது இதற்குள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது: கலைச்சொல், தான் குறிக்கும் பொருள் விளங்கிய பிறகு வருகிறது, எண், யாருடைய பங்கு எது என்ற விளக்கத்தோடு வருகிறது. உவமைக்குத்தான் இடமில்லை, தேவைப்படவும் இல்லை.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. முதலாவது, கதை வெற்றியோடு முடிவதால், சிக்கல் அடியோடு தீர்ந்தது என்ற எண்ணத்தைத் தந்துவிடும். எஞ்சிய மூன்று புகார்கள் ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்க வேண்டும்: பயணி பொறுமை இழந்து பின்னுக்குப் போய் முதலிலிருந்து வாங்கத் தொடங்கினால் புதிய எண் பிறக்கும், அதை இந்த முறை தடுக்காது. "இனி இருமுறை பிடிக்கவே பிடிக்காது" என்று சொன்னவரை அடுத்த சுற்றில் மேலாளர் இந்த இடத்தில்தான் பிடிப்பார். இரண்டாவது, ஒரே எண்ணோடு இரண்டு கோரிக்கைகள் ஒரே கணத்தில் வந்தால் என்ன ஆகும் என்ற நுட்பமான பகுதி இந்தக் கதையில் இல்லை. எண்ணை முதலில் பதிந்துவிட்டு, அது இருமுறை பதியாதபடி தரவுத்தளத்திலேயே தடை வைத்து, பிந்தி வந்த கோரிக்கையைக் காத்திருக்கச் செய்வதுதான் தம்பியின் வேலையில் கடினமான பாகம். அதை எச்.ஆர். சுற்றில் விடுவது பொய்யாகாது, விட்டிருக்கிறேன் என்று ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும்: "இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் வரும் நிலையைத் தனியாகக் கையாள வேண்டியிருந்தது, விரும்பினால் அதையும் சொல்கிறேன்."

தொனியைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். "உங்களுக்குப் புரியும்படி எளிமையாகச் சொல்கிறேன்" என்ற முன்னுரை நான்கு வழிகளில் எதையும் கெடுக்கும். எளிமையாகச் சொல்வதென்றால் அறிவிக்காமல் சொல்லிவிட வேண்டியதுதானே. முடிவில் "புரிந்ததா?" என்று கேட்பதும் அவரைத் தேர்வு எழுத வைப்பது போன்றது, "எந்தப் பகுதியை இன்னும் விரிவாகச் சொல்லட்டும்?" என்று கேட்டால் பொறுப்பு சொல்பவரிடமே நிற்கிறது.

தம்பி ஓர் ஐயம் கேட்டார்: "அண்ணா, எதிரில் இருப்பவர் முன்பு நிரல் எழுதியவராக இருந்துவிட்டால்? 900 ரூபாய்க் கதை சொன்னால் சிரிக்கமாட்டாரா?" கதையைத் தொடங்கும் முன்பே, "ஒரு டிக்கெட் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்கட்டுமா, நேராக வடிவமைப்பிலிருந்தா?" என்று கேட்டுவிடலாம் என்றேன். அடுத்த நேர்காணலில் அவர் அப்படியே கேட்டிருக்கிறார். எச்.ஆர். அதிகாரி டிக்கெட்டையே தேர்ந்தெடுத்து, கேட்டு முடித்ததும் தான் எழுதிய வரியை வாசித்துக் காட்டிச் சரிதானா என்றாராம்: "ஒரே வாங்கலுக்கு இருமுறை பணம் போகாமல் தடுக்கும் சர்வர் பகுதியை வடிவமைத்தவர், செயலிப் பகுதி வேறு குழுவுடையது."