பம்ப் நின்றதா, நிறுத்தினார்களா? பதிவேட்டை மொழிபெயர்க்கக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கழிவுநீர் உந்து நிலையத்தில் ஷிப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். நிலையத்தை ஒப்பந்தத்தில் நடத்தும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வெளிநாட்டில் இருக்கிறது. ஒரு பம்ப் கோளாறு பற்றி ஷிப்ட் பதிவேட்டை ஆங்கிலத்தில் கேட்டார்கள். தொழில்நுட்பத் தமிழ் அத்துப்படி என்று சொன்ன ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், 12 பக்கத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம்.

ஆபரேட்டர் எழுதியிருந்தது இதுதான்: "2.10 – கரண்ட் ஏறி 2-ம் பம்ப் நின்றது. 2.15 – 3-ம் பம்ப் ஓட்டினேன். காலையில் குப்பை எடுக்க வேண்டும்."

பம்ப் அறையில் கரண்ட் ஏறியது என்றால் அம்மீட்டர் முள் ஏறியது என்று பொருள். பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லரில் துணி சுற்றிக்கொண்டால் மோட்டார் திணறி, வழக்கத்தைவிட அதிக ஆம்பியர் இழுக்கும். ஓவர்லோடு ரிலே அதைத் தானாக நிறுத்திவிடும். வந்த ஆங்கிலத்திலோ, மின்வாரிய மின்னழுத்தம் உயர்ந்ததால் ஆபரேட்டர் பம்பை நிறுத்தினார் என்று இருந்தது. 'நின்றது' என்பதை 'நிறுத்தினார்' ஆக்கிவிட்டார்கள். பம்புக்குள் சிக்கியதை எடுக்க வேண்டும் என்ற பொருளில் எழுதிய 'குப்பை எடுக்க வேண்டும்' என்ற வரி, அறையைக் கூட்டும் வேலையாகிவிட்டது! இம்பெல்லர் அடைப்புக்கு இருந்த ஒரே தடயம் அதோடு போயிற்று.

தேதியிலும் தவறு. எங்கள் இரவு ஷிப்ட் 10 மணிக்குத் தொடங்கி காலை 6 மணிக்கு முடியும்; பக்கத்தின் தலையில் தொடங்கிய நாளின் தேதி மட்டும் இருக்கும். 12-ம் தேதிப் பக்கத்தில் உள்ள 2.10 உண்மையில் 13-ம் தேதி அதிகாலை. அவர்கள் 12 என்றே போட்டார்கள். தலைமை அலுவலகம் கணினிப் பதிவோடு ஒப்பிட்டது; 12-ம் தேதி அந்த நேரத்தில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. பதிவேடு பொய் என்று ஆபரேட்டருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "அண்ணா, நான் பார்த்ததைத்தானே எழுதினேன்" என்று அந்தப் பையன் என் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். "சார், எழுதியிருந்ததைத்தான் போட்டோம்" என்றார். பம்ப் அறைக்கு ஒருமுறை போன் செய்து கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கவே இல்லை.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், பணம் தருவதற்கு முன் இதுபோல ஒரு வரியைக் காட்டி, பம்பை யார் நிறுத்தியது, கரண்ட் என்பது எது என்று கேளுங்கள். தடுமாறினால் பதிவேட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குப் பிந்தைய ஒவ்வொரு வரிக்கும் உண்மையான தேதியைப் பென்சிலால் குறித்துக் கொடுங்கள். முடிந்ததும் ஆபரேட்டரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆங்கிலத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள்.

திருத்திய படியை நானும் அந்த ஆபரேட்டரும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து எழுதி, கணினிப் பதிவின் 13-ம் தேதிப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினோம். கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். 6,000 ரூபாய் இன்னும் வரவில்லை.